முதல் பெட்டியில் போட்ட சுழி

எனக்கு எழுபத்தெட்டு வயது. நான்கு பேரை வளர்த்து ஆளாக்கினேன். அதில் ஒருவன் என் வயிற்றில் பிறக்காதவன்; அவனுக்கும் அதே சோறு, அதே அடி. மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. கடைப் பலகை படிப்பேன், பஸ் எண் படிப்பேன், கோவில் அறிவிப்பை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இப்போது நான் சொல்லச் சொல்ல என் பேரன் கம்ப்யூட்டரில் தட்டுகிறான். சொன்னதைத் தட்டு, அழகு பண்ணாதே என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆறப்போட்டுச் சொல்லலாம் என்று பார்த்தேன். ஆறவில்லை.

எழுபதுகளில் எங்கள் வீட்டுக்காரர் இங்கே சிங்கப்பூரில், தேக்கா பக்கம் இந்தத் தேத்தண்ணிக் கடையை எடுத்தார். அப்போது அரசாங்கத்துக்கு ஒரு தாள் எழுத வேண்டுமென்றால் அஞ்சடியில், அதாவது கடை வாசல் நடைபாதையில், ஒரு பெரியவர் சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். கடை லைசென்ஸ், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, ஊருக்குத் தந்தி, எல்லாம் அவர் கைதான். எங்கள் வீட்டுக்காரர் தாளை வாங்கி, முதலில் தன் கையால் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டுத்தான் அவரிடம் கொடுப்பார். அந்த உகரம் இல்லாமல் அவர் எதையும் எழுதத் தொடங்கியதில்லை. பால்காரன் கணக்கு எழுதும் அட்டையில்கூட இருக்கும். எண்பதுகளில் ஈசூனில் வீடு கிடைத்தபோது கொடுத்த விண்ணப்பத்தின் உச்சியிலும் அது இருந்தது. எந்த அதிகாரியும் அதைப் பார்த்து முகம் சுளித்ததில்லை. அது தாளுக்கு மேலே இருக்கும், விஷயம் கீழே இருக்கும். அவரவர் இடத்தில் அவரவர்.

பிறகு தாள் போய்விட்டது.

எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போன பிறகு எங்கள் மகள்தான் பார்த்துக்கொண்டாள். அவள் மருத்துவமனையில் தாதி, ஷிஃப்டு வேலை. இரண்டாவது பிரசவத்துக்கு அவளே ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சமயம், கடை லைசென்சைப் புதுப்பிக்கிற நாள் நெருங்கிவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றார். நானும் கூடப் போனேன். முகப்பில் இருந்தவள் நம் தமிழ்ப் பெண்தான், தமிழ் பேசினாள்.

"அங்கிள், இதுக்கெல்லாம் இங்க வரக் கூடாது. ஆன்லைன்ல போடுங்க."

"எனக்கு அது தெரியாதும்மா."

"வீட்டுல பிள்ளைங்க இல்லையா அங்கிள்?"

பின்னால் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். நாலு பிள்ளை வளர்த்தவளை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வி. நான் வாயைத் திறந்தேன். அவர் என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். கடைக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்த பிறகு சொன்னார்: "இனிமே நானே போடுறேன். நம்ம பொண்ணு எழுந்து வரட்டும், கத்துக்கறேன்."

அந்தத் தடவை மகள் படுக்கையிலிருந்தே போனில் புதுப்பித்துவிட்டாள். அவர் பாடம் அப்படித்தான் தொடங்கியது. குழந்தைக்குத் தலை நின்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் கூட்டம் அடங்கும் நேரத்தில் மகள் பழைய லேப்டாப்பைக் கொண்டு வந்து கல்லா ஓரமாக வைப்பாள். குழந்தை என் மடியில் இருக்கும். இதோ இப்போது தட்டிக்கொண்டிருக்கிறானே, இவன்தான் அது.

சுடுதண்ணீர்க் குவளையைப் பிடித்துப் பழகிய கை. மவுசையும் அப்படியே இறுக்கிப் பிடித்தார். அம்புக்குறி திரையின் மூலைக்கு ஓடி ஒளிந்துகொள்ளும். "மெதுவாப்பா, மெதுவா. அது ஓடிப் போகாது லா," என்பாள் மகள். பெட்டிக்குள் ஒரு தடவை அழுத்தினால் கோடு ஒன்று மினுக்கும், மினுக்கினால்தான் எழுத்து விழும் என்பது பிடிபடவே சில ஞாயிறுகள் ஆயின். நாட்டின் பெயரைக் கேட்டால் எழுதக் கூடாது, பக்கத்தில் உள்ள சின்ன முக்கோணத்தை அழுத்தி, நீளமாக விழும் பட்டியலில் இந்தியாவைத் தேடி எடுக்க வேண்டும். தேதியில் நாள் முதலில், மாதம் பிறகு, வருஷம் முழுசாக. சிவப்பு நட்சத்திரம் உள்ள பெட்டியைக் காலியாக விடக் கூடாது. அரசாங்கக் கணக்குக்குள் நுழையும் சிங்பாஸ் கடவுச்சொல்லில் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. அதைப் போட்டதும் கைப்பேசிக்கு ஆறு எண் வரும், அதைப் பார்த்து உடனே போட வேண்டும். தாமதித்தால் அந்த எண் செத்துவிடும்.

தாமதம்தான் அவருக்கு எமன். பாதிப் படிவத்தில் யாராவது வந்து, "அண்ணே, ஒரு தே ஓ, கொசோங்," என்பார்கள். இவர் எழுந்துவிடுவார். வாடிக்கையாளர் நின்றால் உட்கார்ந்திருக்கத் தெரியாத மனிதர். சர்க்கரையில்லாத கறுப்புத் தேநீரைப் போட்டுக் கொடுத்து, அவரிடம் நாலு வார்த்தை பேசி, கையைத் துடைத்துக்கொண்டு வந்தால் திரை மூடியிருக்கும். நேரம் முடிந்தது, மறுபடி உள்ளே நுழையுங்கள் என்று எழுதியிருக்கும். நிரப்பியது எல்லாம் போயிருக்கும்.

"யாருமே இல்லாத கடையிலதான் இதை நிரப்ப முடியும் போல," என்பார்.

"கொஞ்ச நேரம் அவங்களை வெயிட் பண்ணச் சொல்லுங்கப்பா."

"கடைக்கு வந்தவனையா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்வார்கள். எனக்கு லேப்டாப்பைத் தூக்கிக் கழுவுதொட்டியில் போடலாம் போல இருக்கும்.

ஆனால் கற்றுக்கொண்டார், அதையும் சொல்ல வேண்டும். அடுத்த தடவை லைசென்சை அவரே புதுப்பித்தார், மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க. அதில் பெயர், முகவரி எல்லாம் முன்பே நிரம்பியிருந்தது. சரிபார்த்து, குறி போட்டு, பணம் கட்டினால் போதும். முடிந்ததும் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் இஞ்சித் தேநீர் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் என் தங்கச்சி விஷயம் வந்தது.

எனக்கு ஒரே தங்கச்சி, பாபநாசம் பக்கம் இருந்தாள். எங்கள் அம்மா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் அவள் ஒருத்திதான் அள்ளிப் போட்டாள். நான் இங்கே கடையில் நின்றேன். அவளுக்குக் கண்ணில் அழுத்தம். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. எனக்கோ முட்டி அறுவை முடிந்து, விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போனில் ஒருநாள் சொன்னாள்: "அக்கா, வெளிச்சம் இருக்கறப்பவே ஒன் மொகத்தைப் பாத்துடறேன். அப்புறம் என்ன, தடவித்தானே பாக்கணும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

அவளுக்கு விசா போட வேண்டும். இங்கே உள்ளவர் தன் கணக்கில் நுழைந்து போடலாம். "நானே போடறேன்," என்றார் எங்கள் வீட்டுக்காரர். மகளுக்கு அந்த வாரம் பகல் முழுக்க வேலை. "போடுங்கப்பா, அனுப்பறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணுங்க, ஒவ்வொரு பெட்டியா படிச்சுக் காட்டுங்க," என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கவனமாகத்தான் சொன்னாள்.

கடை மந்தமான ஒரு காலை நேரம். பாஸ்போர்ட்டின் நகல் பக்கத்தில். ஊரிலிருந்து தங்கச்சி மகன் அனுப்பிய படம் முதலில் ஏறவில்லை, பின்னால் நீலத் திரை இருந்ததால். வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்தி மறுபடி எடுத்து அனுப்பினான், அது ஏறியது. பாஸ்போர்ட் எண், கொடுத்த தேதி, முடியும் தேதி, பிறந்த நாடு, என்றைக்கு வருகிறாள், எதற்கு வருகிறாள், எங்கே தங்குவாள். வேறு நாட்டில் வசித்ததுண்டா, எந்த நாட்டிலிருந்தாவது திருப்பி அனுப்பப்பட்டதுண்டா, சிறைக்குப் போனதுண்டா என்றுகூடக் கேட்டார்கள். "ஒன் தங்கச்சி ஜெயிலுக்குப் போயிருக்காளா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "ஒங்க ஆத்தா இருந்த வீட்டுக்கு ஒருதரம் போயிருக்கா," என்றேன். இல்லை என்ற வட்டத்தில் புள்ளி வைத்தார்.

மகளுக்குப் போன் போட்டு, மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தார். நான் காதால் கேட்டேன். பெயர் சரி, எண் சரி, தேதி சரி. "சூப்பர்ப்பா. டிக்ளரேஷன்ல டிக் பண்ணி அனுப்பிடுங்க," என்றாள். அனுப்பினார். மகள் சொல்லிக்கொடுத்தபடி கார்டில் கட்டணமும் கட்டினார். சில நாளில் விசா வந்தது. அதை ஊருக்கு அனுப்பினோம். தங்கச்சி மகன் டவுனில் ஒரு கடையில் அச்செடுத்து அவள் கைப்பையில் வைத்துவிட்டான். நாங்கள் யாரும் அதைத் திறந்து வாசிக்கவில்லை. கிடைத்ததே பெரிது.

திருச்சி விமான நிலையத்தில், பெட்டியைப் போடும் இடத்தில் இருந்த பெண் பாஸ்போர்ட்டையும் விசாவையும் மாறி மாறிப் பார்த்தாளாம். பெயர் பொருந்தவில்லை, ஏற்ற முடியாது என்றாளாம். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயருக்கு முன்னால் விசாவில் U என்று ஓர் எழுத்து தனியாக நின்றதாம்.

என் தங்கச்சி எனக்காகச் சுட்ட அதிரசத்தோடு திரும்பி ஊருக்குப் பஸ் ஏறினாள். போனில் அழவில்லை. "பரவால்லக்கா, பிளேன் எப்புடி இருக்கும்னு வெளியில இருந்து பாத்துட்டேன்," என்றாள். அந்த ஒரு பேச்சுக்கே இந்த உலகத்தை நான் எரித்திருப்பேன்.

மகள் வேலை முடிந்து சீருடையோடு நேராகக் கடைக்கு வந்தாள். மேசைகளில் ஆட்கள் இருந்தார்கள். லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள்.

"என்னப்பா இது? பேருக்கு முன்னாடி U?"

அவர் துணியால் ஒரு குவளையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "பிள்ளையார் சுழிம்மா."

"வாட்?"

"பேருப் பெட்டியில முதல்ல ரெண்டாம் நம்பர் போட்டேன், நம்ம உகரம் மாதிரியே இருக்கேன்னு. சிவப்புல ஏதோ எழுதி, எடுத்துக்கலை. அப்புறம் U போட்டேன். எடுத்துக்கிச்சு. சரி, சாமிக்கு இடம் குடுத்துட்டாங்கன்னு..."

"நான் போன்ல கேட்டேன்ல? ஏன் படிக்கலை?"

"சுழியை யாரும்மா படிப்பா?" என்றார் அவர்.

அவருக்கு அது நிஜமான சந்தேகம். அஞ்சடிப் பெரியவர் எத்தனை தாளை எங்களுக்குப் படித்துக் காட்டியிருப்பார்; ஒரு தடவையாவது 'உ' என்று தொடங்கிப் படித்தாரா? அது போடுவதற்கு உள்ளது, படிப்பதற்கு அல்ல. லைசென்சு படிவத்தில் முதல் பெட்டி ஏற்கெனவே நிரம்பியிருந்ததால் அதில் போட இடமில்லாமல் போனது. இதில்தான் முதல் பெட்டி வெறுமையாக அவர் முன்னால் வந்து நின்றது.

மகள் சிரித்துவிட்டாள். அடக்க முடியாமல், வாயைப் பொத்திக்கொண்டு. ஓரத்து மேசையில் தினமும் உட்காரும் ஒருத்தர் கேட்டுக்கொண்டிருந்தார் போல. "அண்ணே, அப்ப விசா பிள்ளையாருக்கே வந்திருக்கு. அவரை வரச் சொல்லுங்க லா!" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. எங்கள் வீட்டுக்காரரும் சிரிக்கப் பார்த்தார். அந்த முகத்தை நான் பார்த்தேன். அன்றைக்கு அலுவலகத்தில் என் முழங்கையைப் பிடித்தபோது இருந்த அதே முகம்.

அதுவரை என் கோபமெல்லாம் அவர் மேல்தான். மகளிடம் கொடுத்துத் தொலைத்திருந்தால் என் தங்கச்சி இந்நேரம் என் பக்கத்தில் இருந்திருப்பாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அது அப்படியே திரும்பிக்கொண்டது.

"எந்திரிங்கப்பா, நான் போடறேன். ஃபைவ் மினிட்ஸ்," என்று மகள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள்.

"கையை எடுடி," என்றேன்.

"அம்மா, சித்தி வர வேணாமா உங்களுக்கு?"

"வரணும். என்னைவிட உனக்கு அவ மேல அக்கறையா? இத்தனை மாசமா சொல்லிக் குடுத்தியே. நட்சத்திரம் போட்ட பெட்டி, முக்கோணம் போட்ட பெட்டி, எல்லாம் சொன்னே. முதல் பெட்டியில சுழி போடக் கூடாதுன்னு சொன்னியா?"

"அது எப்படிம்மா எனக்குத் தெரியும்?"

"தெரியாதா? ஓ லெவல் பரிட்சைக்குப் போறப்ப ஒவ்வொரு தாள்லயும் மூலையில பென்சில்ல போட்டுட்டு, எழுதி முடிச்சதும் அழிச்சிட்டு வந்தியே, அது யாரு? பக்கத்து வீட்டுப் பொண்ணா?"

அவள் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவருக்கு அந்தச் சங்கதி அன்றைக்குத்தான் தெரியும்.

"அழிச்சிட்டா வந்தே?" என்றார் அவர். கேட்டது அவ்வளவுதான்.

ஓரத்து மேசைக்காரர் மறுபடி எதையோ சொல்ல வாயெடுத்தார். "குடிச்சாச்சுன்னா குவளையைக் குடுங்க," என்று அவர் கையிலிருந்ததைப் பிடுங்கினேன். பாதி இருந்தது. இருக்கட்டும்.

மகள் நாற்காலியை இழுத்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். "சாரிப்பா. நீங்களே போடுங்க. அனுப்பினதைத் திருத்த முடியாது, முதல்லேருந்து புதுசா போடணும்," என்றாள். பிறகு கல்லா மேலிருந்த ஒரு பேப்பர் துண்டைக் கிழித்து, பேனாவோடு அவர் முன்னால் தள்ளினாள். "இதுல போடுங்க."

அவர் அதில் பெரிதாக உகரம் போட்டு, கீழே இரண்டு கோடு இழுத்தார். அவள் டேப்பால் அதைத் திரைக்கு மேலே, நடுவில் ஒட்டினாள். தாளுக்கு மேலே சுழி, கீழே விஷயம். இவ்வளவுதானே ஐயா! இதைச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் என் தங்கச்சி ஒரு விமானத்தை விட்டாள்.

அன்றைக்கு நான் தேநீர் போட்டேன், இந்த முட்டியோடு. யார் வந்து கேட்டாலும் அவரை எழுந்திருக்க விடவில்லை. "வெயிட் பண்ணுங்க," என்றேன், மகள் சொல்கிற மாதிரியே. ஒரு சீனப் பையன் வந்து, "அங்கிள் சிக் ஆ, ஆன்ட்டி?" என்று கேட்டான். "அங்கிள் பிஸி," என்றேன். திரை ஒரு தடவைகூட மூடிக்கொள்ளவில்லை. கடைசியில் அவர் மேலிருந்து கீழே வாசித்தார். ஒவ்வொரு எழுத்தையும், ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்து, நகலோடு ஒத்துப் பார்த்து. மகள் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. பேசியிருந்தால் அவளுக்கு என்னிடம் கிடைத்திருக்கும்.

இந்தத் தடவை விசா வந்ததும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து வாசித்தோம்.

தங்கச்சி வந்தாள். விமான நிலையத்தில் வெளியே வரும் கதவில் நின்று தலையைக் கோழி மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பித் தேடினாள். நேரே இருப்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. நான் நேரே போய் நின்றேன். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு எங்கள் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "ஏன் அத்தான், எங்கப்பா வச்ச பேரு போதாதுன்னு முன்னாடி ஒண்ணு சேத்தீங்களாமே," என்றாள். அவர் நன்றாகவே சிரித்தார். அவள் கேலி செய்யலாம். அவளுக்கு அந்த உரிமை உண்டு.

இருந்த நாளெல்லாம் கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாள். ஊருக்குப் போன கொஞ்ச காலத்தில் வெளிச்சம் முழுக்கப் போய்விட்டது. முதல் விசா சரியாக இருந்திருந்தால் இன்னும் சில வாரம் முன்னதாகப் பார்த்திருப்பாள், இன்னும் கொஞ்சம் அகலமாகப் பார்த்திருப்பாள். அந்தச் சில வாரத்தை யாரிடம் போய்க் கேட்பது? அவரிடம் கேட்க மாட்டேன். மகளிடமும் கேட்க மாட்டேன். வீட்டில் பிள்ளைகள் இல்லையா என்று கேட்டாளே, அவளைக் கண்டால் கேட்பேன். அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு, உட்காருங்க அங்கிள், இப்படித்தான் போடணும் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அந்தப் பேப்பர் துண்டு இன்னும் இருக்கிறது. லேப்டாப் மூன்று மாறிவிட்டது, அதைப் பிய்த்துப் பிய்த்துப் புதியதில் ஒட்டுகிறார். இப்போது கடைக்கு வருகிற மற்ற கிழவர்களுக்கும் அவர்தான் போட்டுக் கொடுக்கிறார், என்னைத் தேநீர் போட விட்டுவிட்டு.

போதும்டா தம்பி, கை வலிக்கும். ஒருதரம் எனக்குப் படிச்சுக் காட்டு. மேலேருந்து படி. உச்சியில என்னமோ போட்டியே, நான் பாத்தேன். அதையும் சேத்துப் படி.